குளோரின் ஏன் பக்கத்துக் கார்பனுக்குப் போனது?

கேள்வி: 3-மெத்தில்-1-பியூட்டீனோடு HCl சேர்த்தால் மார்கோனிகாஃப் விதிப்படி 2-குளோரோ-3-மெத்தில்பியூட்டேன்தானே வர வேண்டும்? விடையில் 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேன் என்று இருக்கிறது. விதி தப்பா, விடை தப்பா? ஹைட்ரைடு எப்போது நகரும், மெத்தில் எப்போது நகரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

விதியும் தப்பில்லை, விடையும் தப்பில்லை. நீங்கள் எழுதிய பொருளும் அந்தக் குடுவையில் இருக்கிறது. 0 டிகிரி செல்சியஸில் இந்த வினையைச் செய்தால் கிடைக்கும் குளோரைடுகளில் சுமார் 40 சதவீதம் நீங்கள் சொன்ன 2-குளோரோ-3-மெத்தில்பியூட்டேன், சுமார் 60 சதவீதம் விடையில் இருக்கும் 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேன். தேர்வில் 'முதன்மை விளைபொருள்' என்று கேட்பதால் அறுபதை மட்டும் எழுதுகிறோம். பாக்கி நாற்பது நம் நோட்டுப் புத்தகத்திலிருந்து காணாமல் போய்விடுகிறது, குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

மார்கோனிகாஃப் 1870-இல் சொன்னதை நாம் 'ஹைட்ரஜன் இங்கே, ஹாலஜன் அங்கே' என்று ஒரே மூச்சில் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் இந்த வினை ஒரே மூச்சில் நடப்பதில்லை. முதலில் புரோட்டான் வந்து ஒட்டுகிறது. அதன் பிறகுதான் குளோரைடு வருகிறது. விதி உண்மையில் முதல் படியைப் பற்றியது: எந்தக் கார்பனில் புரோட்டான் ஒட்டினால் நிலைப்புத்தன்மை கூடிய நேரயனி உருவாகுமோ, அங்கே ஒட்டும். இரண்டாம் படியில் குளோரைடு எந்த விதியையும் பார்ப்பதில்லை. தான் வந்து சேரும் அந்த நொடியில் நேர்மின்சுமை எந்தக் கார்பனில் இருக்கிறதோ அங்கே ஒட்டும். இந்த இரண்டு படிகளுக்கும் நடுவே மின்சுமை இடம் மாறிவிட்டால், குளோரினும் மாறிய இடத்துக்குத்தான் போகும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

```
CH2=CH–CH(CH3)2  +  H+   →   CH3–CH(+)–CH(CH3)2
```

புரோட்டான் ஓரத்தில் இருக்கும் முதல் கார்பனில் ஒட்டியது, நேர்மின்சுமை இரண்டாம் கார்பனுக்கு வந்தது. இது ஈரிணைய நேரயனி. மாற்றி ஒட்டியிருந்தால் முதல் கார்பனில் ஓரிணைய நேரயனி வந்திருக்கும், அது நிலைப்புத்தன்மையில் மிகவும் பின்தங்கியது. இதுவரை விதி சொன்னபடியே நடந்திருக்கிறது.

இப்போது பக்கத்தில் இருக்கும் மூன்றாம் கார்பனைப் பாருங்கள். அதில் இரண்டு மெத்தில், ஒரு ஹைட்ரஜன். இரண்டாம் கார்பனில் காலியான p ஆர்பிட்டால் ஒன்று நிற்கிறது. மூன்றாம் கார்பனின் C–H பிணைப்பு சுழன்று அந்தக் காலி ஆர்பிட்டாலுக்கு இணையாக வரும்போது, பிணைப்பில் இருக்கும் இரண்டு எலக்ட்ரான்களும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் சாயத் தொடங்கும். இந்தச் சாய்வைத்தான் ஹைப்பர்கான்ஜுகேஷன் என்று படித்திருப்பீர்கள். நேரயனிகளை நிலைப்படுத்துவதும் இதேதான். சாய்வு இன்னும் கொஞ்சம் கூடினால் ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான் ஜோடியோடு அந்தப் பக்கமே போய்விடும்.

```
CH3–CH(+)–CH(CH3)2   →   CH3–CH2–C(+)(CH3)2
```

பாதி வழியில் அந்த ஹைட்ரஜன் இரண்டு கார்பன்களுக்கும் நடுவே, இரண்டையும் தொட்டபடி இருக்கும். மூன்று அணுக்கள், அவற்றுக்கு இரண்டே எலக்ட்ரான்கள். 'ஹைட்ரைடு நகர்வு' என்ற பெயரைக் கேட்டுவிட்டு, H⁻ என்று ஓர் அயனி தனியாகக் கழன்று கரைசலில் நீந்திப்போய் மறுபக்கம் ஒட்டுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி ஓர் அயனி அமிலக் கரைசலுக்குள் தலைகாட்டினால் உடனே H₂ வாயுவாகப் போய்விடும். ஒரு நொடிகூட அது இரண்டு கார்பன்களையும் விட்டு விலகுவதில்லை. வீட்டின் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு வாசற்படியில் கால் வைத்துப் போகிற மாதிரி. தெருவில் இறங்குவதே இல்லை.

போய்ச் சேர்ந்த பிறகு மின்சுமை மூன்றாம் கார்பனில். அது இப்போது மூவிணைய நேரயனி. ஈரிணையத்தைவிட ஆற்றலில் சுமார் 10 முதல் 15 கிலோகலோரி கீழே. குளோரைடு வந்து அங்கே ஒட்டினால் 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேன். பெயரிடும்போது எண் மறுபக்கத்திலிருந்து தொடங்குவதால்தான் '3' போய் '2' வந்தது, அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

சரி, அந்த மூன்றாம் கார்பனில் மெத்திலும் இருக்கிறதே, அது ஏன் நகரவில்லை? இந்தக் கேள்விக்குப் பலரும் 'ஹைட்ரஜன் சிறியது, அதனால் எளிதில் நகரும்' என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதை நம்பாமல் ஒருமுறை தாளில் வரைந்து பாருங்கள். மூன்றாம் கார்பனிலிருந்து ஒரு மெத்திலை எடுத்து இரண்டாம் கார்பனில் வையுங்கள்.

```
CH3–CH(+)–CH(CH3)2   →   (CH3)2CH–CH(+)–CH3
```

இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் உற்றுப் பாருங்கள். வலப்பக்கத்தைத் திருப்பிப் பிடித்தால் இரண்டும் ஒன்றே! மெத்தில் நகர்ந்தாலும் மறுபடி அதே ஈரிணைய நேரயனிதான் வருகிறது. அந்த நகர்வு நடக்கவே நடக்காது என்று யாரும் சொல்லவில்லை. நடந்தாலும் குடுவையில் புதிதாக ஒன்றும் சேராது, ஆற்றலிலும் லாபம் இல்லை. அதனால்தான் அதை நாம் எழுதுவதில்லை. உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கான பதில் கிட்டத்தட்ட இதிலேயே இருக்கிறது: எது நகரும் என்பதை அளவு வைத்து ஊகிக்காதீர்கள், நகர்த்திப் பார்த்து எந்த நேரயனி கிடைக்கிறது என்று பாருங்கள்.

இப்போது மெத்தில் நகர்ந்தே ஆக வேண்டிய இடத்துக்கு வருவோம். 3,3-டைமெத்தில்-1-பியூட்டீன். இதில் இரட்டைப் பிணைப்பை ஒட்டிய மூன்றாம் கார்பனில் மூன்று மெத்தில்கள், ஹைட்ரஜன் ஒன்றுகூட இல்லை.

```
CH2=CH–C(CH3)3  +  H+   →   CH3–CH(+)–C(CH3)3
CH3–CH(+)–C(CH3)3       →   (CH3)2CH–C(+)(CH3)2
```

முதல் வரி பழைய கதை, ஈரிணைய நேரயனி. இரண்டாம் வரியில் மூன்று மெத்தில்களில் ஒன்று தன் எலக்ட்ரான் ஜோடியோடு பக்கத்துக் கார்பனுக்குப் போகிறது. போன இடத்தில் இரண்டு மெத்திலும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்து ஐசோபுரோப்பைல் தொகுதி ஆகிவிடுகிறது. விட்டுப்போன இடம் மூவிணைய நேரயனி. குளோரைடு ஒட்டினால் 2-குளோரோ-2,3-டைமெத்தில்பியூட்டேன். இங்கேயும் இடம் மாறாத 3-குளோரோ-2,2-டைமெத்தில்பியூட்டேன் கூடவே வரும். இடம் மாறியதுதான் கூடுதல் என்றாலும் மற்றதைப் புறக்கணிக்கிற அளவுக்கு இல்லை.

இதில் மாணவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. கார்பன் சட்டகமே மாறிவிட்டது. ஹைட்ரைடு நகரும்போது எலும்புக்கூடு அப்படியே இருக்கும், மின்சுமை மட்டும் இடம் மாறும். மெத்தில் நகரும்போது எலும்புக்கூட்டிலேயே ஒரு கிளை பெயர்ந்து வேறிடத்தில் முளைக்கிறது. தொடங்கும்போது ஒரு கார்பனில் மூன்று கிளைகள் இருந்தன, முடியும்போது இரண்டு கார்பன்களில் பிரிந்து நிற்கின்றன. விடைத்தாளில் இந்தக் கணக்கு எங்கே சறுக்குகிறது என்றால், நகர்ந்த மெத்திலைப் புதிய இடத்தில் வரைந்துவிட்டுப் பழைய இடத்தில் அழிக்க மறந்துவிடுவார்கள். ஆறு கார்பன் ஏழாகிவிடும். வரைந்து முடித்ததும் கார்பன்களை ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

அந்த மூவிணைய நேரயனியிலிருந்து இன்னொரு நகர்வு நடக்குமா என்று சில கூர்மையான பிள்ளைகள் கேட்பார்கள். நடக்கும்! பக்கத்தில் இருக்கும் ஐசோபுரோப்பைலின் ஹைட்ரஜன் இந்தப் பக்கம் தாவும். தாவினால் என்ன வருகிறது என்று வரைந்து பாருங்கள், அதே அயனி கண்ணாடியில் பார்த்த மாதிரி வரும். ஜார்ஜ் ஓலா மிகை அமிலக் கரைசல்களில் கார்போகேட்டயான்களைப் பிடித்து வைத்து என்எம்ஆர் கருவியில் பார்த்தார், அந்த வேலைக்காகத்தான் 1994-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். அந்த முறையில் பார்த்தபோது இந்தக் குறிப்பிட்ட அயனியின் நான்கு மெத்தில்களும் ஒரே குறியாகத் தெரிந்தன, மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே குளிர்வித்தும் அப்படியே. இரண்டு மெத்தில்கள் நேர்மின் கார்பனிலும் மற்ற இரண்டு பக்கத்துக் கார்பனிலும் இருக்கின்றன, நியாயமாக இரண்டு குறிகள் வர வேண்டும். கருவி பிரித்துப் பார்க்க முடியாத வேகத்தில் ஹைட்ரைடு இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருப்பதால் சராசரி மட்டுமே தெரிகிறது. அந்தத் தாவலுக்குத் தேவையான ஆற்றல் சுமார் 3 கிலோகலோரி. ஈத்தேனில் ஒரு மெத்தில் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளத் தேவைப்படுவதும் ஏறக்குறைய அதே அளவுதான்.

இவ்வளவு எளிதில் நகரும் என்றால் ஏன் நூற்றுக்கு நூறு நகரவில்லை, ஏன் நாற்பது சதவீதம் தங்கிவிட்டது? எனக்கு இந்த வினையிலேயே பிடித்த இடம் இதுதான். ஓலாவின் கரைசலில் நேரயனிக்குப் பக்கத்தில் கருக்கவரக்கூடிய பொருள் எதுவும் இல்லை, அது சாவகாசமாகத் தாவலாம். நம் குடுவையில் அப்படியில்லை. HCl தன் புரோட்டானைக் கொடுத்த அதே கணத்தில் குளோரைடு அங்கேயே, அந்த நேரயனியின் மடியிலேயே பிறக்கிறது. அவை இரண்டும் ஓர் அயனி ஜோடியாக ஒட்டி நிற்கின்றன. இந்த ஜோடி அப்படியே மூடிக்கொண்டால் இடம் மாறாத குளோரைடு. மூடிக்கொள்வதற்குள் ஹைட்ரைடு தாவிவிட்டால் இடம் மாறிய குளோரைடு. இரண்டுமே மிக வேகமானவை, ஏறக்குறைய சமவேகத்தில் ஓடுகின்றன. 40க்கு 60 என்ற விகிதம் அந்த ஓட்டப்பந்தயத்தின் ஸ்கோர்தான். ஆகவே 'நிலைப்புத்தன்மை கூடியதுதான் உருவாகும்' என்று எழுதுவது சரியாகாது. மூவிணையத்தின் நிலைப்புத்தன்மை தாவலுக்கான தடையைக் குறைக்கிறது, அவ்வளவே. குளோரைடு எவ்வளவு அருகில், எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. கரைப்பானும் வெப்பநிலையும் மாறினால் விகிதமும் மாறும்.

வரலாற்றில் இந்த எண்ணம் எளிதில் வந்துவிடவில்லை. கேம்ஃபீன் ஹைட்ரோகுளோரைடு ஐசோபார்னைல் குளோரைடாக மாறுவதை ஆராய்ந்த மீர்வைன் 1922-இலேயே நடுவில் ஒரு நேரயனி வருவதாகச் சொன்னார். அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட்டில் இருந்த ஃபிராங்க் விட்மோர் 1932-இல் இதைப் பொதுவிதியாக்கினார்: எலக்ட்ரான் குறைந்து நிற்கும் கார்பனுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தொகுதி தன் எலக்ட்ரான் ஜோடியோடு பெயர்கிறது. பலவகை இடமாற்றங்களுக்கும் அடிப்படை அதுதான் என்றார். அன்றைக்குக் கார்போகேட்டயானை யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை, பலரும் நம்பவும் தயங்கினார்கள். விளைபொருள்களைக் காய்ச்சி வடித்து எடை போட்டு, அந்த விகிதங்களிலிருந்தே அவர் இதைச் சொன்னார்.

அப்படியானால் குடுவையில் இருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் ஒரு நடைமுறை விஷயம். 3-மெத்தில்-1-பியூட்டீன் சுமார் 20 டிகிரியில் கொதிக்கும். நம்மூர் வெயிலில் பாட்டிலைத் திறந்தால் ஆவியாகப் போய்விடும், பனிக்கட்டியில் புதைத்து வைத்துத்தான் திறக்க வேண்டும். இரண்டு குளோரைடுகளில் மூவிணையது சுமார் 86 டிகிரியிலும் ஈரிணையது அதைவிட ஐந்தாறு டிகிரி மேலேயும் கொதிக்கும். வித்தியாசம் குறைவு, சாதாரண வடிகலனில் பிரிப்பது கஷ்டம்.

கல்லூரி ஆய்வகத்தில் எல்லோருக்கும் கைக்கெட்டுவது எத்தனாலில் கரைத்த வெள்ளி நைட்ரேட். மூவிணையக் குளோரைடு ஒன்றிரண்டு துளி விட்டால் அறை வெப்பநிலையிலேயே உடனே வெள்ளையாகத் திரளும். ஈரிணையது சும்மா இருக்கும், சூடுபடுத்தினால்தான் மெல்லக் கலங்கும். நான் எம்.எஸ்சி. படிக்கும்போது இதைச் செய்து, வெள்ளி நைட்ரேட் விட்ட மாத்திரத்தில் தயிர் மாதிரி திரண்டதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன். எங்கள் சார் சோதனைக்குழாயைப் பார்க்கக்கூட இல்லை. "கழுவினியாப்பா?" என்றார். கழுவவில்லை. கரைந்து கிடந்த HCl-தான் வெள்ளியோடு சேர்ந்து திரண்டிருந்தது, அதற்கும் என் விளைபொருளுக்கும் சம்பந்தமே இல்லை. குளிர்ந்த சோடியம் பைகார்பனேட் கரைசலில் நுரை அடங்கும்வரை கழுவி, உலர்த்தி, அப்புறம் செய்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம். அதற்காக நெடுநேரம் தண்ணீரில் ஊறவும் விடக்கூடாது. மூவிணையக் குளோரைடு தண்ணீரோடு வினைபுரிந்து ஆல்கஹாலாகத் தொடங்கிவிடும். அப்படிக் கழுவியபிறகும் உடனே திரண்டால் மூவிணையது இருக்கிறது என்று பொருள். ஆனால் ஈரிணையது இல்லை என்று அதிலிருந்து சொல்ல முடியாது. கலவையில் எவ்வளவு எது என்பதை வெள்ளி நைட்ரேட் சொல்லாது.

புரோட்டான் என்எம்ஆர் கிடைத்தால் ஐந்து நிமிட வேலை. ஈரிணையக் குளோரைடில் குளோரின் இருக்கும் கார்பனிலேயே ஒரு ஹைட்ரஜன் உண்டு, அது 4 பிபிஎம்முக்குச் சற்று முன்னால் தனியாகத் தெரியும். மூவிணையதில் அந்தக் கார்பனில் ஹைட்ரஜனே இல்லை, ஆகவே அந்தப் பகுதி வெறிச்சோடிக் கிடக்கும். பதிலுக்கு 1.6 அருகே ஆறு ஹைட்ரஜன்களுக்கான ஒற்றைக் கோடு உயரமாக நிற்கும், இரண்டு மெத்தில்களும் ஒரே கார்பனில் இருப்பதால். அந்த இரண்டு குறிகளின் பரப்பை, ஹைட்ரஜன் எண்ணிக்கையால் வகுத்து ஒப்பிட்டால் விகிதம் கையில் வந்துவிடும்.

ஆனால் விளைபொருளைக் கண்டுபிடிப்பது வேறு, அது வந்த வழியைக் கண்டுபிடிப்பது வேறு. மூவிணையக் குளோரைடு கிடைத்துவிட்டதாலேயே ஹைட்ரைடு தாவியது என்று ஆகிவிடாது. இன்னொரு வழியும் இருக்கிறது. ஈரிணைய நேரயனி மூன்றாம் கார்பனிலிருந்து ஒரு புரோட்டானைக் கரைசலுக்குள் கழற்றிவிட்டு 2-மெத்தில்-2-பியூட்டீன் ஆகலாம். அந்த ஆல்கீனில் HCl சேர்ந்தால் எந்தத் தாவலும் இல்லாமலேயே அதே மூவிணையக் குளோரைடு வரும். இரண்டு வழியையும் பிரித்துக் காட்ட HCl-க்குப் பதில் DCl எடுத்துக்கொண்டால் போதும்.

```
தாவல் வழி:
CH2=CH–CH(CH3)2 + DCl  →  CH2D–CH2–CCl(CH3)2

கழன்று மறுபடி சேரும் வழி:
CH2=CH–CH(CH3)2 + 2 DCl  →  CH2D–CHD–CCl(CH3)2 + HCl
```

தாவல் வழியில் டியூட்டீரியம் ஓரத்துக் கார்பனில் மட்டும் இருக்கும், ஏனென்றால் நடுவில் வந்து சேர்ந்த ஹைட்ரஜன் அந்த மூலக்கூறுக்கே சொந்தமானது, பக்கத்துக் கார்பனிலிருந்து வந்தது. கழன்று சேரும் வழியில் இரண்டாவது முறை வந்து ஒட்டுவது வெளியிலிருந்து வரும் டியூட்டீரியம், ஆகவே நடுக் கார்பனிலும் ஒன்று இருக்கும். ஒரே பொருள்போலத் தெரியும் இரண்டு மூலக்கூறுகள், எந்த வழியாக வந்தோம் என்ற அடையாளத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கின்றன. இதோடு இன்னொரு சோதனையும் செய்துவிட வேண்டும்: தூய ஈரிணையக் குளோரைடை அதே HCl, அதே வெப்பநிலையில் அதே நேரம் வைத்துப் பார்ப்பது. அது மாறாமல் இருந்தால்தான், இடமாற்றம் விளைபொருள் உருவாகும் முன்பே நடந்தது என்று சொல்ல முடியும்.

இனி, தாளில் கணக்குப் போடும்போது என்ன செய்வது. புரோட்டானை ஒட்டி, நேரயனியை வரைந்து, அதோடு நேரடியாகப் பிணைந்த கார்பன்களை மட்டும் பாருங்கள். அடுத்த வீட்டிலிருந்து மட்டுமே தாவ முடியும், அதற்கடுத்த வீட்டிலிருந்து முடியாது. 4-மெத்தில்-1-பென்டீனில் இதைத் தவறவிடுவார்கள். அங்கே நேரயனி இரண்டாம் கார்பனில், ஹைட்ரஜன் கொடுக்கத் தயாராக இருக்கும் மூவிணைய இடம் நான்காம் கார்பனில். நடுவில் CH₂ ஒன்று இருக்கிறது. ஒரே தாவலில் அங்கே போக முடியாது. முதல் தாவல் இன்னொரு ஈரிணைய நேரயனிக்குத்தான் போகும், அதில் ஆற்றல் லாபம் எதுவும் இல்லை. அதற்குள் ஹாலைடு வந்து ஒட்டிவிடவே வாய்ப்பு அதிகம். நேர்மாறாக, வினைல்சைக்ளோஹெக்சேனில் HBr சேர்க்கும்போது நேரயனிக்கு அடுத்த கார்பனே வளையத்தின் கார்பன், அதில் ஒரு ஹைட்ரஜனும் இருக்கிறது. தாவினால் மூவிணையம். விடை 1-புரோமோ-1-எத்தில்சைக்ளோஹெக்சேன். தொடக்கத்திலேயே மூவிணைய நேரயனி வந்துவிட்டால், உதாரணமாக 2-மெத்தில்-2-பியூட்டீனில், தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே ஹாலைடை ஒட்டுங்கள்.

HBr விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பெராக்சைடு இருந்தால் நேரயனியே உருவாகாது, புரோமின் தனி உறுப்பு முதலில் ஒட்டும். 1933-இல் காரஷும் மேயோவும் காட்டிய வழி இது. 3-மெத்தில்-1-பியூட்டீன் அங்கே 1-புரோமோ-3-மெத்தில்பியூட்டேன் தரும், எதுவும் நகராது. தனி உறுப்பில் இந்த மாதிரி ஹைட்ரஜனோ மெத்திலோ பக்கத்துக் கார்பனுக்குத் தாவுவதில்லை. நடுவழியில் மூன்று எலக்ட்ரான்களுக்கு இடம் கொடுக்க வேண்டியிருக்கும், மூன்றாவது எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலில் போய் உட்கார வேண்டும், அதற்கான விலை அதிகம். திறந்து பல மாதம் காற்றுப் பட்ட ஆல்கீன் பாட்டிலிலும் பெராக்சைடு சேர்ந்திருக்கும். நீங்கள் வேண்டுமென்று போடாவிட்டாலும் HBr வினையில் எதிர்பாராத ஓரத்துப் புரோமைடு வந்தால், முதலில் அந்தப் பாட்டிலைச் சந்தேகியுங்கள். HCl-இல் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக, இடம் மாறாத ஈரிணைய ஹாலைடு மட்டுமே வேண்டும் என்றால் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். நேரயனி உருவாகும் எந்த வழியையும் தொடக்கூடாது. ஆல்கீனை மெர்க்குரி அசிட்டேட், தண்ணீர், பிறகு சோடியம் போரோஹைட்ரைடு கொண்டு 3-மெத்தில்-2-பியூட்டனாலாக மாற்றலாம். அந்த வழியில் தனித்த நேரயனி வருவதில்லை, மெர்க்குரி பாலம்போல இரண்டு கார்பன்களையும் பிடித்துக்கொள்வதால் எதுவும் தாவாது. ஆனால் இத்தனை ஜாக்கிரதையாக ஆல்கஹாலைச் செய்துவிட்டு அதன்மேல் HBr ஊற்றிவிடாதீர்கள். தண்ணீர் கழன்றதும் அதே ஈரிணைய நேரயனி, அதே தாவல், அதே 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன். குளோரைடு வேண்டுமென்றால் பிரிடினோடு தையோனைல் குளோரைடு, புரோமைடு வேண்டுமென்றால் குளிர்ச்சியில் பாஸ்பரஸ் ட்ரைபுரோமைடு.